ஒரு அட்டைக்கு மூன்று தடவை கண்டி

எங்கள் தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேக மலருக்கு அட்டை செய்து கொடுக்க ஒப்புக்கொண்டேன். செய்தது இரண்டு இரவு. அச்சகத்துக்கு அலைந்தது மூன்று வாரம். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து கண்டி போய்ச் சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம். பிழைக்காக மட்டும் மூன்று தடவை போய் வந்தேன். ஒரு தடவைக்கு ஒரு பிழை என்ற கணக்கில், கவுண்டரில் இருந்தவர் ஒவ்வொன்றாகத்தான் சொன்னார். முதல் பிழை கண்ணில் பட்டதும் ஃபைலை மூடிவிடுவார். மீதியைப் பார்த்துச் சொன்னால் என்ன என்று கேட்டதற்கு, "முதல்ல இதைச் சரிபண்ணிட்டு வாங்க தம்பி" என்றார். எங்கள் பக்கம் இருக்கிற இணைய வேகத்தில் 180 எம்பி ஃபைலை அனுப்ப முடியாது. பென் டிரைவோடு பஸ் ஏற வேண்டியதுதான்.

முதல் தடவை ப்ளீட் இல்லை, அதாவது வெட்டுக்கோட்டைத் தாண்டிப் படம் நீளவில்லை. அது என் தப்புதான். ஏ5 புத்தகம், நடுவில் பின் அடிப்பது. ஆகவே அட்டையை விரித்தால் 296 x 210 மி.மீ. கோபுரமும் வானமும் உள்ள படத்தை நான் அந்த அளவிலேயே நிறுத்தியிருந்தேன். வெட்டும் கத்தி அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். வீட்டுக்கு வந்து நாலு பக்கமும் 3 மி.மீ. நீட்டினேன், 302 x 216 ஆனது. படத்தைப் பெரிதாக்கியதில் கோபுரக் கலசம் வெட்டுக்கோட்டை ஒட்டி வந்து நின்றது. அதனால் கொஞ்சம் கீழே இறக்கினேன். முக்கியமான எதையும் வெட்டுக்கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே வைப்பது நல்லது.

இரண்டாம் தடவை ப்ளீட் இருந்தது, எங்கே வெட்டுவது என்று காட்டும் வெட்டுக்குறிகளும் இருந்தன. இந்தத் தடவை தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அவர் திரையைப் பெரிதாக்கிக் காட்டினார். குறிகள் படத்துக்குள்ளேயே தொடங்கின. பக்கம் அமைக்கும் இன்டிசைனில் பிடிஎஃப் எடுக்கும்போது Marks and Bleeds பக்கத்தில் Offset என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா? வெட்டுக்கோட்டிலிருந்து குறி எவ்வளவு தள்ளித் தொடங்க வேண்டும் என்பது அது. அதில் முன்கூட்டியே இருப்பது 2.117 மி.மீ. என் ப்ளீட் 3 மி.மீ. ஆகவே குறிக்கோடு ப்ளீட்டுக்குள் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் நுழைந்துவிடுகிறது. கத்தி இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் அந்தக் கறுப்புக் கோட்டின் முனை அட்டை ஓரத்தில் தெரியும். Offset எப்போதும் ப்ளீட்டுக்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும். நான் 4 என்று போட்டேன். ஐந்து விநாடி வேலை. அதற்கு ஒரு நாள் சம்பளம் போனது.

மூன்றாம் தடவைதான் இன்னும் வயிறு எரிகிறது. கவுண்டர்காரர் ஃபைலை ஏற்றுக்கொண்டார், முன்பணம் வாங்கினார், சயன் என்ற நீலம், மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று மை ஒன்றுக்கு ஒன்றாக நாலு பிளேட்டும் எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட உள்ளே போனபோது மெஷினில் நின்ற வயதானவர் ஒரு பிளேட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "தம்பி, இது சயன் பிளேட். இதுல ஏன் உங்க ஆள்கள் பேர் எல்லாம் இருக்கு?"

பார்த்தேன். பின் அட்டையில் இருந்த உபயகாரர் பட்டியல் முழுக்க அந்தப் பிளேட்டில் இருந்தது. மெஜந்தாவிலும் மஞ்சளிலும் அப்படியே. கறுப்பு எழுத்து கறுப்புப் பிளேட்டில் மட்டும்தான் இருக்க வேண்டும். என்னுடையது நாலிலும் உட்கார்ந்திருந்தது.

காரணம் இது. அந்தப் பட்டியலைக் கோயில் செயலாளரின் மகன் லிப்ரே ஆபிஸில் அடித்து பிடிஎஃப் ஆக்கித் தந்திருந்தான். நான் அதை அப்படியே அட்டையில் வைத்துவிட்டேன். லிப்ரே ஆபிஸ் எழுதும் கறுப்பு திரைக்கான ஆர்ஜிபி கறுப்பு, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பூச்சியம். அட்டையை அச்சு மை நாலுக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும்போது மென்பொருளுக்கு அது எழுத்தா படமா என்ற வித்தியாசம் தெரியாது. அந்தக் கறுப்பை நாலு மையின் கலவையாக மாற்றிவிடும். நிறம் மாற்ற என்னிடம் இருந்த அமெரிக்க ப்ரொஃபைலில் அது சயன் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90. கூட்டினால் 300 சதவீதம். நான் இன்டிசைனிலேயே அடித்த எழுத்துகள் மட்டும் தப்பித்தன, ஏனென்றால் அங்கே [Black] என்ற நிறம் ஆரம்பத்திலேயே கறுப்பு மை மட்டும்தான்.

படத்தில் நாலு மை இருந்தால் ஒன்றும் ஆகாது. எட்டுப் பாயின்ட் தமிழ் எழுத்தில் ஆகும். நாலு பிளேட்டும் மயிரிழை விலகாமல் பொருந்துவது எந்த மெஷினிலும் நடக்காது. கறுப்பு ஒன்றே என்றால் விலகினாலும் யாருக்கும் தெரியாது. நாலு மை என்றால் எழுத்தின் ஒரு பக்கம் சிவப்பு நிழல், மறு பக்கம் நீல நிழல். க், ம் இவற்றின் தலையில் இருக்கும் புள்ளி மிகச் சின்னது, நாலு மை விலகி விழ அதில் இடமில்லை. அது மங்கிய திட்டாகிவிடும். பெரியவர் பழைய வேலை ஒன்றின் தாளை எடுத்து உருப்பெருக்கியை வைத்தார். 'முருகன்' என்ற பெயரில் னகரத்துப் புள்ளி மூன்று நிறத்தில் பிரிந்து கிடந்தது. ஐயாயிரம் ரூபாய் கொடுத்தவர் தன் பெயரை இப்படிப் பார்த்தால் கோயிலில் சும்மா விடுவாரா?

திரையில் இது தெரியவே தெரியாது. அக்ரோபேட்டில் Output Preview திறந்து Process Black என்ற குறியை எடுத்துவிட்டுப் பாருங்கள். கறுப்பு எழுத்து எல்லாம் மறைந்துவிட வேண்டும். எது மறையாமல் நிற்கிறதோ அதுதான் நாலு மை எழுத்து. பத்து விநாடி. இதை வீட்டில் செய்திருந்தால் பிளேட் காசு மிச்சம். நாலு பிளேட்டுக்கும் நான்தான் இரண்டாம் தடவை கட்டினேன். 'ஃபைல் உங்களுடையதுதானே' என்றார் கவுண்டர்காரர். முதல் நாளே முழுசாகப் பார்த்திருந்தால் என்று நான் தொடங்கியதும், அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

உள்பக்கங்கள் கறுப்பு ஒன்றில் அடிப்பவை. அவற்றைச் சோதிக்க இன்னும் சுலபமான வழி, கட்டளை அடித்து ஓட்டும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள். விண்டோஸில் இப்படி:

```
gswin64c -o - -sDEVICE=inkcov ulpakkam.pdf
```

ஒவ்வொரு பக்கத்துக்கும் சயன், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு எண் வரும். முதல் மூன்றும் பூச்சியமாக இருந்தால் சரி. எனக்கு 17ஆம் பக்கத்தில் மட்டும் மூன்றும் எண்ணோடு வந்தன. ஐயரின் கலர்ப் படத்தை நான் சாம்பல் நிறமாக்க மறந்திருந்தேன். இதை அட்டையில் ஓட்டிப் பயனில்லை, படம் இருப்பதால் நாலுமே எண் காட்டும்.

எப்படிச் சரிசெய்தேன்: அந்தப் பட்டியல் பிடிஎஃப்பைத் தூக்கிவிட்டு எழுத்தை மட்டும் பிரதியெடுத்து இன்டிசைனில் ஒட்டி [Black] கொடுத்தேன். பெயர்களில் தொட மனமில்லை என்றால் அக்ரோபேட்டில் Convert Colors இருக்கிறது. ஆனால் Preserve Black குறியைப் போட மறந்தால், தப்பித்த எழுத்துகளும் போய்விடும். இன்னொன்று, அந்தப் பட்டியலை முதலில் பாமினி என்ற பழைய ஃபொண்டில் அடித்த ஃபைலும் கையில் இருந்தது. ஃபொண்ட் இல்லாத கம்பியூட்டரில் 'தமிழ்' என்பது jkpo; என்று வந்தது. செயலாளரின் மகன் தந்தது யூனிகோடில் இருந்ததால்தான் ஒட்ட முடிந்தது.

அட்டைப் படத்து வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திரையில் அவ்வளவு நீலமாக இருந்தது, சோதனைத் தாளில் கத்தரிப்பூ நிறத்துக்குப் போயிருந்தது. மெஜந்தா 90இல் நின்றது. சயனைத் தொடாமல் அதை 60க்கு இறக்கியதும் நீலத்துக்குத் திரும்பியது. திரையில் இருந்த பளிச் மட்டும் வரவில்லை, அந்த நீலம் நாலு மையில் கிடையாது.

பிழை திருத்திய அட்டை வந்த அன்று பெரியவரிடமே உருப்பெருக்கியைக் கேட்டு வாங்கி 'முருகன்' பெயரைத் தேடிப் பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் அந்தப் பெயரில் நாலு பேர். நாலு புள்ளியும் கறுப்பாக, வட்டமாக இருந்தன. தலைவர் மட்டும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வானம் ஃபோன்ல இன்னும் நல்லா இருந்துச்சே" என்றார்.