‘தோற்றாயிற்று’ என்று எழுத வைக்க இரண்டு தடவை ஆனது

ப்ரீ-மார்ட்டம் என்பது வேலை தொடங்கும் முன்பே அது தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு காரணம் தேடும் கூட்டம். முதல் தடவை அதை நடத்தியதில் ஒரு மணி நேரம் தண்டமாய்ப் போனது. தப்பு என்னுடையதுதான். ஒரு ஜவுளிக்கடையின் மூன்று கிளைகளுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் மாற்றும் வேலை, தீபாவளிக்கு முன் முடிய வேண்டும். "என்னென்ன பிரச்சினை வரலாம், சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டுவிட்டேன். மேனேஜர் முந்திக்கொண்டு "டைம்தான்" என்றார். அப்புறம் எல்லோரும் அதையே வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். கடையிலிருந்து வந்திருந்த கேஷியர் அக்கா வாயே திறக்கவில்லை.

இந்த முறையைச் சொன்ன உளவியலாளர் கேரி க்ளைனின் 2007 கட்டுரையை அன்றிரவுதான் ஒழுங்காகப் படித்தேன். ‘வரலாம்’ என்று கேட்கவே கூடாதாம், தோற்றாகிவிட்டது என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். பேசுவதற்கு முன் அவரவர் தனியாக எழுதிவிட வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு காரணமாகச் சுற்றி வரணும். க்ளைன் ப்ராஜெக்ட் மேனேஜரிடமிருந்து தொடங்கச் சொல்கிறார். நான் எங்கள் ஆளைக் கடைசியில் வைத்தேன், பட்ட அனுபவம் அப்படி.

மறுவாரம் இப்படி ஆரம்பித்தேன்: "இன்று தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. வாசல் வரை கூட்டம். பில் போட முடியாமல் பழைய சாஃப்ட்வேருக்கே திரும்பிவிட்டோம். ஏன்?" ஐந்து நிமிடம், பேப்பர், பேனா, பேச்சில்லை.

அக்காவின் சீட்டில் இருந்தது: ‘பழைய துணி ஸ்டிக்கர் ஸ்கேன் ஆகவில்லை.’ எங்கள் பையன் ஒருவன் சிரித்தான், ஸ்கேனரெல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு என்று. "போன வருஷ ஸ்டாக் லிஸ்ட் எக்செல்ல வந்தப்போ முன்னாடி இருந்த சைபரெல்லாம் காணாம போச்சே தம்பி" என்றார். சாயங்காலமே பார்த்தோம். ஸ்டிக்கரில் 004512, எங்கள் ஃபைலில் 4512. நாங்கள் டெஸ்டுக்கு எடுத்ததெல்லாம் புது சரக்கு, அதன் பார்கோடு எண்கள் 1-இல் தொடங்குபவை, அதனால்தான் மாட்டவில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. எக்செலில் திறந்து சேவ் செய்த பிறகு அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட்டாக மாற்றினாலும் போன சைபர் திரும்பாது. எல்லா பார்கோடு எண்ணும் ஒரே நீளம் என்றால் முன்னால் சைபர் சேர்த்துச் சமாளிக்கலாம். எங்களுக்கு ஐந்து இலக்கமும் ஆறு இலக்கமும் கலந்து கிடந்தது, பழைய சாஃப்ட்வேரிலிருந்தே மறுபடி எடுத்து, இறக்கும்போதே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்தோம். பிறகு ஒவ்வொரு கிளையிலும் பழைய அலமாரியிலிருந்து இருபது துணி எடுத்து ஸ்கேன் செய்து பார்த்தோம்.

மொத்தம் முப்பதுக்கு மேல் காரணம் வந்தது. எல்லாவற்றையும் சரிசெய்ய நேரமில்லை, மூன்றை மட்டும் எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒரு தேதி போட்டோம்.

அந்த ஞாயிறு ஸ்கேனர் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. ஆனால் புது பில்லில் வரி விவரமெல்லாம் சேர்ந்து நீளமாகிவிட்டதால் ஏழு மணிக்கே பேப்பர் ரோல் தீர்ந்துபோய் எதிர்க்கடையில் கடன் வாங்கினோம். அதை யாரும் எழுதியிருக்கவில்லை, அக்கா உட்பட.