எட்டாவது ஏலத்தில் ஒண்ணேகால் தள்ளு: உண்மையில் என்ன வட்டி?

கோவை கணபதியில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய மில்லிங் மெஷின் ஒன்று விலைக்கு வந்தது. கையில் இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, பைனான்ஸில் கடன். எல்லாச் செலவும் சேர்த்து, குறையும் பாக்கிக்கு மாதம் நூற்றுக்கு 1.25 வட்டி. இன்னொன்று, ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த பதிவு பெற்ற ஏலச்சீட்டைத் தள்ளி எடுப்பது, அதாவது சீட்டுத் தொகையில் ஒரு பகுதியை ஏலத்தில் விட்டுக்கொடுத்து முன்கூட்டியே வாங்குவது. எவ்வளவு தள்ளினால் சீட்டு லாபம், எந்த இடத்தில் கடனே மேல் என்று ஏலத்துக்குப் போகும் முன் தெரிய வேண்டும். அந்தக் கணக்கைப் போட்ட கதைதான் இது.

சீட்டு 5 லட்சம், 25 பேர், 25 மாதம். தவணை 20,000. கம்பெனி கமிஷன் 5 சதவீதம், அதாவது 25,000. சட்டப்படி 7 சதவீதம் வரை வாங்கலாம். 2019 திருத்தத்துக்கு முன்பு உச்சவரம்பே 5தான். கமிஷனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 4,500 ரூபாய். எங்கள் கம்பெனி அதைச் சீட்டு எடுப்பவர் பணத்தில் பிடித்துக்கொள்ளும். தள்ளுத் தொகையில் கமிஷன் போக மீதியை 25 பேருக்கும் சமமாகப் பிரித்து அந்த மாதத் தவணையில் கழிப்பார்கள். சீட்டு எடுத்தவருக்கும் அந்தக் கசர் உண்டு. இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள், மொத்தக் கணக்கும் அதில்தான் நிற்கிறது.

எட்டாவது மாதம் தள்ளு 1,25,000 வரை போகும் என்று பேச்சு. அப்படிப் போனால் கசர் 4,000, தவணை 16,000, எடுப்பவர் கைக்கு 3,70,500.

இதற்கு என்ன வட்டி என்று மூன்று பேரிடம் கேட்டேன். வசூலுக்கு வரும் தம்பி, “25 சதவீதம், 25 மாசம். ஒரு வட்டிதானுங்கண்ணா” என்றார். பக்கத்து மெஷின் ஷாப்காரர், “மூணே முக்கால் லட்சம் வாங்க ஒண்ணேகால் விடறீங்க, 33 சதவீதம். மிச்சம் 17 மாசம். ரெண்டு வட்டிங்க, வேண்டாம்” என்றார். ஆடிட்டர் ஆபீஸில் இருக்கும் அக்கா மகன், “மாமா, பாஸ்புக்கைக் கொடுங்க, ஷீட்ல போட்டுச் சொல்றேன்” என்றான்.

அவன் செய்தது பார்க்க ஒழுங்காகவே இருந்தது. 25 வரிசை. கட்டும் மாதம் கழித்தல், எட்டாம் மாதம் மட்டும் கூட்டல். முதல் எட்டு தவணைக்குச் சராசரி 15,500, பின்னால் தள்ளு குறைந்து தவணை ஏறும் என்பதால் மீதி 17க்கு 17,500 என்று வைத்தான். பிறகு, போன பணத்தையும் வந்த பணத்தையும் வைத்து மாத வட்டியைத் தேடிச் சொல்லும் IRR சூத்திரம்:

```
=IRR(B2:B26,0.01)
=IRR(B2:B26,0.25)
```

முதல் வரி மாதம் 2.8 சதவீதம் என்றது. இரண்டாவது வரி, அதே எண்களுக்கு, 24 சதவீதம் என்றது. வித்தியாசம், தேடலை எங்கிருந்து தொடங்கச் சொல்கிறோம் என்பது மட்டும்தான். பையன் எண்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தான். எண்களில் தப்பே இல்லை.

விஷயம் என்னவென்றால், நடுவில் சீட்டு எடுப்பவர் முதல் ஏழு மாதம் பணம் போட்டவர், எட்டுக்குப் பிறகு கடன்காரர். பணம் முதலில் வெளியே போகிறது, உள்ளே வருகிறது, மறுபடி வெளியே போகிறது. திசை இப்படி இரண்டு முறை மாறினால் அந்தச் சூத்திரத்துக்கு இரண்டு விடை இருக்கலாம். சில தொகைகளுக்கு விடையே இல்லாமலும் போகலாம். 2.8 என்பது பார்க்க நம்பும்படி இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. நான் போட்டு வைத்த பணமும் மாதம் 2.8 சம்பாதித்தது என்று வைத்துக்கொண்டால்தான் அந்த எண் வரும். அப்படிச் சம்பாதிக்கவில்லை. அதே ஷீட்டில் கடைசி மாதம் வரை காத்திருந்து எடுப்பவரைப் போட்டால் பணத்தின் திசை ஒரே முறைதான் மாறும், ஒரே விடைதான் வரும்: மாதம் 0.93. சூத்திரத்தில் குற்றமில்லை, நடுவில் எடுப்பவரிடம் அதைக் கேட்கக்கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம் இருவரும் உட்கார்ந்து கேள்வியையே மாற்றினோம். எட்டாம் மாதம் என் முன்னால் இருக்கும் முடிவு எது? இன்று எடுப்பதா, காத்திருப்பதா. கட்டிய தவணை இரண்டு வழியிலும் கட்டியதுதான். இனிக் கட்டப்போகும் தவணையும் இரண்டு வழியிலும் ஒன்றே, ஏனென்றால் எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் கசர் சமம். பின்னால் தள்ளு எவ்வளவு போகும், தவணை 17,500 ஆகுமா 18,000 ஆகுமா என்று ஊகிக்கவே தேவையில்லை, எல்லாம் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது இரண்டே தொகை: இன்று வரும் 3,70,500; அதற்காக நான் விடும் கடைசி மாதச் சீட்டு.

நடுவில் ஏதாவது ஒரு மாதத்தோடு ஒப்பிடாமல் கடைசி மாதத்தோடு ஒப்பிடக் காரணம், அந்த ஒரு மாதத்தில்தான் போட்டி கிடையாது. கமிஷன் 25,000, ஜிஎஸ்டி 4,500 போக 4,70,500 வரும் என்று இப்போதே தெரியும். இதற்கு ஒரு வரி போதும்:

```
=(470500/370500)^(1/17)-1
```

விடை 1.42 சதவீதம். வருடத்துக்கு, கூட்டுவட்டி இல்லாமல் 17. வசூல் தம்பியின் ஒன்றும் இல்லை, மெஷின் ஷாப்காரரின் இரண்டும் இல்லை. தம்பி 25 சதவீதத்தை முழு 25 மாதத்துக்குப் பரப்பிவிட்டார்; பணம் என் கையில் இருக்கப்போவதோ 17 மாதம். மெஷின் ஷாப்காரர் கமிஷனையும் வட்டியில் சேர்த்துவிட்டார். அதைக் கடைசியில் எடுப்பவரும் கொடுத்தே தீர வேண்டும். சீக்கிரம் எடுப்பதற்கான விலை அது இல்லை.

இங்கே ஒரு விசித்திரமும் கண்ணில் பட்டது. கம்பெனி 7 சதவீதம் கமிஷன் எடுத்திருந்தால் கடைசி மாதம் வருவது 4,58,700 ஆகிவிடும். அதே ஒண்ணேகால் தள்ளுக்கு வட்டி 1.29 என்று குறைந்து தெரியும். சீட்டு மலிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. காத்திருப்பவருக்குக் கிடைப்பது குறைந்துவிட்டது. ஆகவே இந்தக் கணக்கு உள்ளே வந்தவர் எப்போது எடுப்பது என்பதற்குத்தான். புதுச் சீட்டில் சேரலாமா என்ற கேள்விக்கு இதை வைத்துப் பதில் சொல்லக்கூடாது.

அடுத்து, கணக்கைத் திருப்பிப் போட்டோம். கடன் 1.25க்குக் கிடைக்கும்போது அதிகபட்சம் எவ்வளவு தள்ளலாம்? 4,70,500ஐ 1.25 வீதத்தில் 17 மாதம் பின்னால் கொண்டுவர வேண்டும்.

```
=500000-4500-470500/1.0125^17
```

1,14,571 வந்தது. அதோடு நிற்கவில்லை. ஏலம் எடுத்த அன்றே யாரும் பணம் தருவதில்லை. இரண்டு ஜாமீன்தாரர், அவர்களுடைய சம்பளச் சான்று, கையெழுத்துச் சரிபார்ப்பு என்று எங்கள் கம்பெனியில் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகும். அடுத்த தவணையைக் கட்டிய பிறகே செக் வரும் என்று முன்பு எடுத்தவர்கள் சொன்னார்கள். கடைசிச் சீட்டுக்காரருக்கு ஜாமீன் வேண்டாம், அவர் இனிக் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. ஆக தாமதம் ஒரு பக்கம் மட்டும்தான் கடிக்கும். சூத்திரத்தில் 17க்குப் பதில் 16 போட்டால் எல்லை 1,09,809 ஆக இறங்குகிறது. ஒரு மாதத் தாமதத்துக்கு ஏறக்குறைய 4,750 ரூபாய். 1,09,000 என்று பாஸ்புக் அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலில் எழுதிக்கொண்டு போனேன்.

ஏலம் ஐந்து நிமிடம். எண்பதில் தொடங்கினார்கள். தொண்ணூறைத் தாண்டியதும் நான்கு பேர்தான் மிச்சம். ஒரு லட்சத்து ஐந்து, ஏழு என்று நானும் கேட்டேன். ஒருவர் ஒண்ணு பத்து என்றதும் வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் கல்யாணமாம், ஒண்ணேகாலில்தான் அவருக்கு விழுந்தது. பணம் ஒரு மாதம் கழித்து வந்தால் அவருக்கு அது 1.50 வட்டி. அவசரத்துக்குத் தனியாரிடம் இரண்டு, மூன்று வட்டிக்கு வாங்க வேண்டிய ஆளுக்கு அதுவும் நல்ல விலைதான். எல்லை அவரவர் கடன் எந்த வட்டிக்குக் கிடைக்கும் என்பதைப் பொறுத்தது. என் 1,09,000 அவருக்குப் பொருந்தாது.

மெஷின்காரரிடம் ஒரு மாதம் தவணை கேட்டு முன்பணம் கொடுத்தேன். ஒன்பதாம் மாதம் எல்லையைப் புதிதாகப் போட வேண்டும், பழையது செல்லாது. காலம் குறையக் குறையத் தள்ளும் குறைய வேண்டும். தாமதத்தையும் சேர்த்து 15 மாதம் போட்டால் 1,04,988. ஏலத்துக்கு வந்த கூட்டம் குறைவு, கல்யாணக்காரரும் போய்விட்டார். 98,000இல் எனக்கு நின்றது. கையில் 3,97,500.

ஜாமீன்தாரர் இருவரில் ஒருவருக்குச் சம்பளச் சான்று பழையது என்று திருப்பி அனுப்பினார்கள். பத்தாம் தவணையைக் கட்டியதும் செக் வந்தது. 15 மாதக் கணக்கில் வட்டி 1.13. பைனான்ஸ் கடனைவிடக் கொஞ்சம் மலிவு. பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். ஏலம் முடிந்த வாரத்திலேயே பணம் வந்திருந்தால் 1.06 ஆகியிருக்கும்.

இதை உங்கள் சீட்டுக்குப் போடும் முன் ஒப்பந்தத்தில் ஒன்றைப் பாருங்கள். சில சீட்டுகளில் எடுத்தவருக்குக் கசர் கிடையாது, மீதிப் பேர் மட்டும் பிரித்துக்கொள்வார்கள். அங்கே தவணைகள் அடிபடாது. இழக்கும் கசரை மாதாமாதம் ஒரு வரிசையாக எழுதி, கடைசித் தொகையோடு சேர்த்துத்தான் IRR போட வேண்டும்: இன்று வரும் பணம் கூட்டல், இழக்கும் கசர்களும் விடும் கடைசிச் சீட்டும் கழித்தல். பணத்தின் திசை ஒரு முறைதான் மாறும் என்பதால் விடை ஒன்றுதான் வரும். ஆனால் பின்வரும் மாதங்களின் தள்ளை அங்கே ஊகித்தே ஆக வேண்டும். எடுத்தவருக்குக் கசர் உள்ள சீட்டிலும், தவணை தவறினால் அந்த மாதக் கசரைப் பிடித்துக்கொள்ளும் விதி இருக்கும். அப்படி இரண்டு மூன்று முறை போனால் மேலே போட்ட வட்டி எதுவும் நிற்காது.