விளக்கேந்திய ஆமையும் வெட்டுக்கோடும்

அச்சுக்கூடம் ஒன்றில் வடிவமைப்பாளராக வேலை பார்க்கிறேன். ஸ்டிக்கருக்கும் டி-ஷர்ட்டுக்கும் உரிய படங்களைச் சில காலமாக ஏஐ செயலியில் பிராம்ப்ட் எழுதி எடுத்து, திருத்தி, அச்சுக்கு அனுப்புகிறேன். மலையேற்றக் குழு ஒன்று தன் சின்னமாகக் கேட்ட ஆமைப் படத்தில்தான் இந்த வேலையின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது. வாயில் சிறிய அரிக்கேன் விளக்கைக் கவ்வியபடி நடக்கும் ஆமை வேண்டும் என்றும், அதே படம் 60 மில்லிமீட்டர் அகல ஸ்டிக்கரிலும் டி-ஷர்ட்டின் நெஞ்சுப் பகுதியில் 280 மில்லிமீட்டர் அகலத்திலும் வர வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள்.

முதலில் நான் எழுதிய பிராம்ப்ட், எல்லோரும் எழுதுவது போன்றதுதான்.

```
tortoise with lit lantern, cute sticker design, transparent background
```

வந்த படம் பார்வைக்கு அழகாக இருந்தது, அச்சுக்கு உதவவில்லை. ஸ்டிக்கர் என்ற சொல்லைச் செயலி பொருளாகவே எடுத்துக்கொண்டு, ஓரம் சற்றே சுருண்டு மேசை மேல் நிழல் விழும்படி கிடக்கும் ஸ்டிக்கரின் புகைப்படத்தை வரைந்து கொடுத்திருந்தது. டி-ஷர்ட் என்று எழுதினாலும் இதே கதைதான். சட்டை அணிந்த ஒருவர் வந்து நிற்பார், நமக்குத் தேவையான படம் அவருடைய நெஞ்சில் மடிப்புகளோடு சிறியதாகத் தெரியும். ஒளிபுகும் பின்னணி கேட்டதற்குக் கிடைத்தது, சாம்பலும் வெள்ளையுமான சதுரங்கக் கட்டங்கள். நான் பயன்படுத்திய செயலியைப் போலப் பலவும் ஒளிபுகும் அடுக்கு இல்லாத படத்தைத்தான் தருகின்றன. அதனால் படத் தொகுப்பு மென்பொருளில் வெறுமையைக் காட்டும் அந்தக் கட்டங்களையே ஓவியமாகத் தீட்டிவிடுகின்றன.

கட்டங்களை அழித்து, நிழலை ஓரளவு தேய்த்து, அந்தக் கோப்பை வெட்டும் இயந்திரத்தில் இருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கத்தி எந்தக் கோட்டுல போகணும், தம்பி?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆமையின் விளிம்பு ஓரிடத்தில் நிழலோடு கலந்திருந்தது, இன்னோரிடத்தில் விளக்கின் வெளிச்சத்தில் கரைந்திருந்தது. எல்லைக்கோடு இருந்த இடத்திலும் அதன் தடிமன் ஐந்தாறு பிக்சல்தான். ஆமை படத்தில் 820 பிக்சல் அகலம் இருந்ததால், 60 மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டரில் சுமார் 14 பிக்சல் அடங்கும். அந்தக் கோடு அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது.

தடித்த எல்லைக்கோட்டை அதுவரை நான் கார்ட்டூன் பாணியாகவே நினைத்திருந்தேன். உண்மையில் அது பிழைக்கு விடப்படும் இடம். எந்தப் பின்னணியில் வரைந்தாலும் விளிம்பில் இரண்டொரு பிக்சல்கள் உருவத்தின் நிறமும் பின்னணியின் நிறமும் கலந்தே இருக்கும்; பின்னணியை நீக்கிய பிறகு அவை மெல்லிய வண்ணக் கீற்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். விளிம்பில் கருங்கோடு 20 பிக்சல் இருந்தால், தேர்ந்தெடுத்த பகுதியின் விளிம்பை இரண்டு பிக்சல் உள்ளே சுருக்கிக் கீற்றை வெட்டி எறிந்துவிடலாம், யாருக்கும் தெரியாது. கோடே ஐந்து பிக்சல் என்றால் பாதிக் கோடு போய்விடும்.

இரண்டாவது பிராம்ப்டை வெட்டுக்கோட்டிலிருந்து பின்னோக்கி யோசித்து எழுதினேன்.

```
a tortoise holding a small unlit lantern in its mouth,
full body, side view, centered, flat vector illustration,
thick uniform black outline, 5 flat colors,
solid plain magenta background, empty margin on all sides
```

இதில் ஸ்டிக்கர் என்ற சொல்லே இல்லை. பின்னணிக்கு மஜந்தாவைத் தேர்ந்ததற்குக் காரணம், அது ஆமையின் பச்சையிலும் பழுப்பிலும் விளக்கின் மஞ்சளிலும் எங்கும் வராத நிறம் என்பதே. வெள்ளை கேட்டிருந்தால் விளக்குக் கண்ணாடியில் மின்னும் வெள்ளைப் பொட்டும் பின்னணியோடு சேர்ந்து நீங்கும் அபாயம் இருந்தது. நிழல் வேண்டாம் என்று எழுதுவதையும் விட்டேன். வேண்டாம் என்ற சொல்லைக் கவனிக்காமல் நிழல் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளும் செயலிகள் உண்டு. தட்டையான வண்ணங்கள் என்று நேராகக் கேட்பது மேல். விளக்கு எரியக் கூடாது என்பதைத்தான் நான் மிகத் தாமதமாக உணர்ந்தேன். எரியும் விளக்கைக் கேட்டால் ஒளிவட்டம் வரும். அது பின்னணியில் படிப்படியாக மங்கிப் பரவும். அதன் பிறகு உருவம் எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. டி-ஷர்ட்டுக்கு, படலத்தில் அச்சிட்டுச் சூட்டால் துணியில் ஒட்டும் டிடிஎஃப் முறையில் அச்சிடும்போது வண்ணத்துக்கு அடியில் வெள்ளை மை விழுவதால், அந்த மங்கல் ஓரம் கருந்துணியில் அழுக்குப் படிந்தது போலத் தெரியும். விளக்கை அணைத்தே வரையச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்குள் மஞ்சளை நானே நிரப்பினேன்.

ஸ்டிக்கரைச் சுற்றி வரும் வெள்ளை ஓரத்தையும் செயலியிடம் கேட்பதில்லை. அது ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும். பின்னணியை நீக்கிய பின், உருவத்தின் விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி மென்பொருளிலேயே ஓரம் போட்டால் சீராக இருக்கும்; கத்தியும் அந்தக் கோட்டிலேயே போகும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு தவறு நடந்தது. பின்னணியை ஒரே சொடுக்கில் தேர்ந்து நீக்கியபோது, வெளிப்புற மஜந்தா மட்டும் போயிற்று. விளக்கின் வளைந்த கைப்பிடிக்குள் அடைபட்டிருந்த மஜந்தாத் துண்டு அப்படியே நின்றது. மாதிரி அச்சில்தான் அதைப் பார்த்தேன். அன்றிலிருந்து நீக்கிய படத்துக்கு அடியில் ஒரு முறை கருப்பையும் ஒரு முறை பளிச்சென்ற மஞ்சளையும் வைத்துப் பார்க்காமல் கோப்பை அனுப்புவதில்லை. அடைபட்ட துண்டும் வண்ணக் கீற்றும் தேய்த்த நிழலின் மிச்சமும் இரண்டில் ஒன்றில் தெரிந்துவிடும். ஆமையின் வால் நுனி ஊசி போல இருந்ததையும் அப்போதே மழுக்கினேன். கூரான நுனியில்தான் ஸ்டிக்கர் முதலில் உரியத் தொடங்கும்.

டி-ஷர்ட்டுக்கு அதே கோப்பு போதவில்லை. 820 பிக்சலை 280 மில்லிமீட்டரில் விரித்தால் மில்லிமீட்டருக்கு மூன்று பிக்சல்கூட வராது, அதாவது அங்குலத்துக்கு 74 பிக்சல் அளவில் நின்றுவிடும். நாங்கள் கேட்பது 300. ஐந்தே தட்டை நிறங்களும் தடித்த கோடுகளுமாக இருந்ததால் எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத வெக்டராக மாற்றுவதில் சிரமம் இருக்கவில்லை. ஆனால் ஸ்டிக்கரில் ஒன்றரை மில்லிமீட்டராக அளவாய் இருந்த கோடு, நெஞ்சில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டராகப் பருத்து, ஆமைக்குத் தார் பூசியது போல ஆகிவிட்டது. வெள்ளைச் சட்டைகளுக்கு அதை வெக்டரில் 4 மில்லிமீட்டராகக் குறைத்தேன். கருப்புச் சட்டைகளுக்குக் கருங்கோட்டு அடுக்கையே எடுத்துவிட்டு, நிறத் திட்டுகளை மட்டும் அச்சிட்டோம். ஓட்டின் கட்டங்களுக்கு நடுவே துணியின் கருப்பே கோடாக நின்றது. துணியை விரித்துப் பார்த்த அண்ணன், "இதுக்குக் கோடே அடிக்கலியா?" என்று கேட்டு, நகத்தால் ஒரு முறை கீறிப் பார்த்துக்கொண்டார்.