சிவப்பு நூல் கட்டிய யானை

பாண்டிச்சேரி என்றாலே வெளியே போகிறவர்களின் ஊர். எங்கள் தெருவிலேயே பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது பிரான்ஸில் இருக்கிறது. 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள். இப்படிப்பட்ட ஊருக்கு வெளிநாட்டிலிருந்து ஒருத்தன் பெட்டி படுக்கையோடு குடியிருக்க வந்தால் யாராலும் நம்ப முடிவதில்லை. "மலேசியாவை விட்டுட்டா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு என் மனைவியைப் பார்ப்பார்கள். அவள் இங்கே அரசுப் பள்ளி ஆசிரியை. அந்த வேலையை விட்டுவிட்டு அவள் பட்டர்வொர்த்துக்கு வருவதைவிட நான் அரியாங்குப்பத்துக்கு வருவது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

சுலபம் என்றால் டிக்கெட் வாங்குகிற அளவுக்குச் சுலபம். அப்புறம் ஆரம்பித்தது. விசா, பதிவு, முகவரிச் சான்று, அந்தச் சான்றுக்கு இன்னொரு சான்று. மலேசியாவும் சரி, இந்தியாவும் சரி, இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. அதனால் எந்தப் படிவத்தை எடுத்தாலும் 'வெளிநாட்டவர்' என்ற கட்டத்தில்தான் டிக் போட வேண்டும். படிவத்துக்கு வெளியே நான் மாப்பிள்ளை. மளிகைக் கடை, முடிவெட்டும் கடை, கோயில் என்று எங்கே போனாலும் "யாரு? ஓ, அந்த டீச்சர் வீட்டு மாப்பிள்ளையா." மரியாதையில் குறையொன்றும் இல்லை. ஆனால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அடுத்த கேள்வி வராது.

பினாங்கில் ஃபெரி ஏறித்தான் வளர்ந்தேன். பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு, மேல்தட்டில் ஆட்களும் கீழ்த்தட்டில் கார்களும் போகும் அந்தக் காலத்து இரும்புக் கப்பலில். பள்ளியில் சதுரங்கம் ஆடுவேன். ஃபெரியில் யாராவது பலகையை விரித்தால் பக்கத்தில் போய் நின்றுவிடுவேன். இங்கே வந்த பிறகு ஆட ஆள் கிடைக்கவில்லை. மைத்துனன் ஆடுவான், ஆனால் தோற்கப்போகிறான் என்று தெரிந்ததும் அவனுக்குப் பசி வந்துவிடும்.

பினாங்கிலிருந்து அத்தை பிள்ளைகளோடு வந்திருந்தபோது அவர்களைச் சுண்ணாம்பாற்றுக்குக் கூட்டிப்போனேன். நோணாங்குப்பத்தில் பாலத்தை ஒட்டிப் படகுத்துறை. அங்கிருந்து மோட்டார் படகில் ஏறி அலையாத்திச் செடிகளை ஒட்டியே போனால் ஆறு கடலோடு சேருகிற இடத்தில் மணல் திட்டு. பாரடைஸ் பீச் என்பார்கள். அத்தை ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உடனே போட்டோ எடுக்கச் சொன்னாள். இடம் இல்லாமல் நான் பின்பக்கம், இன்ஜினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் அறுபது வயது இருக்கும் ஒருவர். மடியில் டிபன் கேரியர், அதன் மேல் உள்ளங்கை அளவுக்கு மடக்குச் சதுரங்கப் பலகை. காந்தம் வைத்தது என்பதால் படகு ஆடியும் காய்கள் அசையவில்லை. பழைய பலகைதான். கீல் இருந்த இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார். வெள்ளை ராணியைக் காணோம். அதற்குப் பதில் ஒரு வெள்ளை யானையின் கழுத்தில் சிவப்பு நூலைச் சுற்றி, அதைத்தான் ராணியாக வைத்திருந்தார்.

பலகையில் இருந்தது நாலே காய். வெள்ளைக்கு ஒரு ராஜா, ஒரு சிப்பாய். சிப்பாய் சி7இல், இன்னும் ஒரு கட்டம் போனால் ராணி. ராஜா அதற்குப் பக்கத்தில், பி6இல். கறுப்புக்கு மூலையில், ஏ1இல் ராஜா, டி5இல் ஒரு யானை. திறந்திருந்த நோட்டில் பென்சிலால் 'கறுப்பு ஆட்டம். டிரா.' என்று எழுதியிருந்தது.

அவர் கறுப்பு யானையை நகர்த்தி டி6இலிருந்து செக் வைத்தார். வெள்ளை ராஜா ஒரு கட்டம் கீழே, பி5. யானையும் ஒரு கட்டம் கீழே வந்து மறுபடி செக். இரண்டும் படி இறங்குகிற மாதிரி கீழே வந்துகொண்டே இருந்தன. ராஜா இறங்கும்போது சி வரிசைக்கு அவசரமாகப் போகக் கூடாது. போனால் யானை டி1க்கு ஓடிவிடும். சிப்பாய் ராணியான அடுத்த நிமிஷம் சி1இலிருந்து செக் வரும். ராஜா விலகினால் அதே வரிசையில் பின்னால் நிற்கிற ராணி போச்சு. அதனால் பி3 வரைக்கும் பொறுத்துக்கொண்டு இறங்கி, அதற்குப் பிறகுதான் சி2. அங்கே நின்றால் யானைக்குப் பிடித்த டி1 கட்டமும் ராஜாவின் காவலுக்குள் வந்துவிடுகிறது, டி3இல் நிற்கிற யானையே வெட்டுப்படும் நிலைமை.

கறுப்பு முடிந்தது என்று நினைத்தேன். அவர் யானையை டி4இல் வைத்தார். பிறகு சிப்பாயை எடுத்துவிட்டு, சிவப்பு நூல் கட்டிய யானையை, அதாவது ராணியை, சி8இல் வைத்தார். உடனே கறுப்பு யானை சி4க்குப் போய் செக். ராணி அதை வெட்டியே ஆக வேண்டும். வெட்டினால் மூலையில் இருக்கும் கறுப்பு ராஜாவுக்கு நகர ஒரு கட்டம்கூட இல்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட். டிரா.

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு மாற்றினார். மறுபடி முதலிலிருந்து. நல்ல பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவர்போல.

இரண்டாவது தடவை அந்த நூல் கட்டிய யானை சி8இல் வந்து உட்கார்ந்தபோது என் கண் அந்த நூலிலேயே நின்றது. நூல் இல்லாவிட்டால் அது யானை. யானையாகவே இருந்தால்?

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த நூலை உருவிட்டு ஆடிப் பாருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நூலை உருவினா யானைதான தம்பி. ராணி கெடைக்கும்போது எவனாவது யானை வாங்குவானா?"

"ராணிக்குக் கண் அதிகம்ணே. சி4இல் வெட்டி நின்னா குறுக்கால ஏ2வையும் பார்க்கும். அதனாலதான் ராஜா மூச்சு முட்டி டிரா ஆகுது. யானைக்குக் குறுக்குப் பார்வை கிடையாது."

அவர் பதில் சொல்லவில்லை. நகத்தால் நூலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சி8இல் இப்போது வெறும் யானை. கறுப்பு யானை சி4, செக். வெள்ளை யானை வெட்டியது. கறுப்பு ராஜாவுக்கு ஏ2 திறந்திருந்தது, போயிற்று. வெள்ளை யானை சி4இலிருந்து ஏ4க்கு நகர்ந்தது. மேட்.

"அட" என்றார். இன்ஜின் சத்தத்தில் அது எனக்குக் கேட்டதே அதிகம். ஒரு நிமிஷம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காய்களைப் பின்னால் இழுத்து, வெள்ளை யானை சி8இல் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"நான் ஏன் சி4க்குப் போய்ச் சாவணும்? நீ ஏ8ல வந்து மேட் போடப் பாக்குற. நான் ஏ4ல வந்து நிப்பேன். இப்ப என்ன பண்ணுவ?"

படகு கரையைத் தட்டியது. அவர் பலகையை மடக்கிக் கேரியரோடு எடுத்துக்கொண்டு மணலில் இறங்கி நடந்துவிட்டார். திட்டில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே குஷி. நான் அலையில் கால் நனைத்தபடி தலைக்குள் ஏ4ஐச் சுற்றிக்கொண்டிருந்தேன். யானைக்கு யானை சரி, இப்படியே போனால் ஆட்டம் டிராதான். செக் வைக்கிற ஆட்டமாகவே தேடிக்கொண்டிருந்ததால் ரொம்ப நேரம் பிடிபடவில்லை. ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினால் போதும். சி2இலிருந்து பி3. செக்கே இல்லாத சாதாரண நகர்த்தல், ஆனால் ராஜா பக்கத்தில் போய் நின்றதும் ஏ4 யானை வெட்டுப்படும் இடத்தில் இருக்கிறது. அதே நேரத்தில் வெள்ளை யானை சி1க்கு இறங்கினால் மேட். யானையைக் காப்பாற்றப் போனால் மேட்; மேட்டைத் தடுக்கப் போனால் யானை போகும். யானை போன பிறகு ராஜாவும் யானையும் சேர்ந்து தனி ராஜாவை ஜெயிப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்த கதை.

அத்தையை விட்டுவிட்டுக் கடைக்கு ஓடினேன். அவர் எண்ணெயில் மிளகாய் பஜ்ஜியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"பி3ணே. ராஜா."

ஜல்லிக் கரண்டி அப்படியே நின்றது. அவர் பலகையை எடுக்கவில்லை, தலைக்குள்ளேயே ஆடிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்து, 'டிரா' என்பதன் மேல் ஒரு கோடு போட்டார். "எங்க அண்ணன் எழுதிக் குடுத்தது தம்பி. கடலூர் முதுநகர்ல அவன்தான் எனக்குக் கத்துக்குடுத்தான். இத்தனை வருஷமா டிரான்னே ஆடிக்கிட்டிருக்கேன்." அண்ணன் இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. அவர் என் பெயரைக் கேட்டு, கோடு போட்டதற்குப் பக்கத்தில் எழுதினார். எந்த ஊர் என்று கேட்காதது நினைவிருக்கிறது. பஜ்ஜிக்குக் காசும் வாங்கவில்லை, அதற்கு அத்தை பிறகு என்னைத் திட்டினாள்.

அன்றிரவு இணையத்தில் தேடினேன். நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இது சதுரங்க உலகத்தில் ரொம்பப் பிரபலமான நிலை, பெயர் சாவெத்ரா நிலை. 1875இல் லண்டனில் ஃபென்டன், பாட்டர் என்ற இருவர் ஆடிய ஆட்டத்திலிருந்து பிறந்தது. 1895இல் கிளாஸ்கோவில் பார்பியே என்பவர் தன் பத்திரிகைப் பத்தியில் இதை 'கறுப்பு ஆடி டிரா' என்றே வெளியிட்டிருக்கிறார், பஜ்ஜிக்கடை அண்ணனின் அண்ணன் எழுதிக்கொடுத்த மாதிரியே. அப்போது அதே ஊரில் இருந்த ஃபெர்னாண்டோ சாவெத்ரா என்ற பாதிரியார்தான், ராணி வேண்டாம், யானை வாங்கு, வெள்ளை ஜெயிக்கும் என்று சொன்னவர். ஸ்பெயின்காரர், பிழைப்போ பணியோ கிளாஸ்கோவில். பெரிய ஆட்டக்காரர் இல்லை. இந்த ஒரு நகர்த்தலைத் தவிர சதுரங்கத்தில் அவர் பெயரை வேறெதற்கும் யாரும் சொல்வதில்லை. வெளியூரில் குடியிருந்த ஸ்பானியரைப் பற்றிப் படித்துக்கொண்டே நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மனைவி விளக்கை அணைக்கச் சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன், என் பெயரை அடித்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.

"ஏன் அடிக்கணும்? அந்தச் சாமியாரு பேரையும் சேத்து எழுது" என்று நோட்டை என் கையில் கொடுத்தார். எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்து மறுபடி யானையின் கழுத்தில் கட்டினார்.

"சரி, இதைப் பாரு. வெள்ளை ஆட்டம். இதையும் எங்க அண்ணன் டிரான்னுதான் எழுதியிருக்கான்."