ஏழு வருஷத்துக்கு முந்தின ஃபைல்

2019 மார்ச் கடைசி வாரம், நம்ம கிளையன்ட் ஒருத்தர் கையில வருமான வரித் துறையோட ஒரு 148 நோட்டீஸோட வந்து உக்காந்தார். 2012-13 அசெஸ்மென்ட் இயரை திரும்ப ஓப்பன் பண்றாங்களாம். "அத்தனையும் அப்பவே குடுத்தாச்சே சார், இப்ப என்ன புதுசா?"ன்னு கேட்டார். மனுஷனுக்கு குரலே எழும்பல.

விஷயம் இதுதான். அவர் ஒரு நிலத்தை வித்து, அந்தப் பணத்துல வீடு வாங்கி நிலம் வித்த லாபத்துக்கு 54எஃப் பிரிவுல வரி விலக்கு கேட்டிருந்தார். அந்த ரிட்டர்ன் அப்பவே ஸ்க்ரூட்டினிக்கு, அதாவது விரிவான சோதனைக்கு வந்துச்சு, ஆபீசர் இந்த விலக்கைப் பத்தியே கேள்வி கேட்டார், நாங்க விளக்கமா பதில் குடுத்தோம், 143(3) பிரிவுல ஏத்துக்கிட்டு ஆர்டரும் போட்டாங்க. இப்ப நாலு வருஷம் கழிச்சு, வீடு மனைவி பேர்ல இருக்கு அதனால விலக்கு செல்லாதுங்கிறாங்க.

இந்த மாதிரி நோட்டீஸ் வந்தா நான் முதல்ல காலண்டரைத்தான் எடுப்பேன். 2012-13 அசெஸ்மென்ட் இயர் முடியறது 2013 மார்ச் 31. அப்ப இருந்த சட்டப்படி ரீஓப்பன் பண்ண அதுலருந்து கெடு சாதாரணமா 4 வருஷம், அது 2017 மார்ச்சோட போச்சு. விட்டுப்போன வருமானம் 1 லட்சம் அல்லது அதுக்கு மேலன்னா 6 வருஷம், அதாவது 2019 மார்ச் 31 வரை. ஆக தேதிப்படி நோட்டீஸ் உள்ளதான் இருக்கு, சில நாள் வித்தியாசத்துல. ஆனா ஏற்கனவே ஸ்க்ரூட்டினி முடிஞ்ச கேஸை 4 வருஷம் தாண்டி தொடணும்னா இன்னொரு நிபந்தனை உண்டு, வரி கட்டுறவர் முக்கியமான விவரத்தை முழுசா உண்மையா சொல்லாம விட்டிருக்கணும்.

அங்கதான் எங்க பழைய ஃபைல் கை குடுத்துச்சு. 2014 நவம்பர்ல குடுத்த பதில் கடிதத்தோட ஆபீஸ் காப்பி, மேல தபால் செக்‌ஷன் சீல், தேதி, இணைப்புப் பட்டியல்ல மூணாவது வரியில "வீட்டுக் கிரயப் பத்திரம், மனைவி பெயரில்"னு டைப் பண்ணியிருக்கு. இதுக்கு மேல என்ன மறைச்சோம்?

வழக்கமான ரூட்லதான் போனோம். முதல்ல நோட்டீஸுக்குப் பதிலா ரிட்டர்ன் போட்டுட்டு, ஓப்பன் பண்ண காரணத்தை எழுத்துல கேட்டோம் (இந்த முறையை சுப்ரீம் கோர்ட் ஜிகேஎன் டிரைவ்ஷாஃப்ட்ஸ் கேஸ்ல சொல்லியிருக்கு). வந்த காரணத்துல முதல் வரியே "ரெக்கார்டைப் பரிசீலித்ததில்"னு இருந்துச்சு. புது தகவல் ஒண்ணுமே இல்ல, அதே பேப்பரை இன்னொரு ஆபீசர் வேற மாதிரி படிச்சிருக்கார், அவ்வளவுதான். வெறும் அபிப்பிராயம் மாறினா ரீஓப்பன் பண்ண முடியாதுன்னு கெல்வினேட்டர் கேஸ்ல 2010லயே தீர்ப்பு இருக்கு. எங்க ஆட்சேபணையை நிராகரிச்சுதான் ஆர்டர் போட்டாங்க, ஹைகோர்ட்ல ரிட் போட்ட பிறகுதான் நோட்டீஸ் ரத்தாச்சு.

ஏன் இந்தக் கெடு வேணும்னு என்னைக் கேட்டா இந்த கேஸுக்காக அலைஞ்ச அந்த சில மாசத்தைத்தான் சொல்வேன். பழைய ஸ்டேட்மென்ட் இல்லன்னு பேங்க் கை விரிச்சிருச்சு, வீட்டை வித்தவர் உயிரோட இல்ல, நிலத்துக்கு செஞ்ச செலவோட பில்லு எழுத்தே மங்கிப் போய் வெறும் வெள்ளைத் தாளா இருந்துச்சு. இதுக்கு மேல வட்டி வேற. முன்கூட்டியே கட்ட வேண்டிய வரி குறைஞ்சா போடற 234பி வட்டி மாசம் 1 சதவீதம், 2012 ஏப்ரல்ல ஆரம்பிச்சு 2019 டிசம்பர்ல ரீஅசெஸ்மென்ட் ஆர்டர் வந்தா 93 மாசம், அதாவது வரிக்குக் கிட்டத்தட்ட சமமா வட்டி. தன் மேல தப்பில்லன்னு நிரூபிக்க வேண்டிய பேப்பர் கரைஞ்சுக்கிட்டே போகுது, தொகை ஏறிக்கிட்டே போகுது, இதை முடிவில்லாம விட்டா எந்த மனுஷன் தாங்குவான்?

மறைச்சவனுக்கு இது வசதியா போயிடாதான்னு கேப்பாங்க, நியாயமான கேள்விதான். அதனாலதான் பெரிய தொகைக்கு சட்டம் கெடுவை நீட்டி வெச்சிருக்கு. 2021ல ஒருதடவை எல்லாத்தையும் மாத்தினாங்க, 3 வருஷம், 50 லட்சமோ அதுக்கு மேலயோன்னா 10 வருஷம்னு. அப்புறம் 2024 செப்டம்பர் 1லருந்து அந்த 10ஐயும் குறைச்சு, 148 நோட்டீஸுக்கு சாதாரணமா 3 வருஷம் 3 மாசம், 50 லட்சத்துக்குக் குறையாம இருந்தா 5 வருஷம் 3 மாசம்னு ஆக்கினாங்க. உதாரணமா 2021-22 அசெஸ்மென்ட் இயர்னா முதல் கெடு 2025 ஜூன் 30, பெரிய தொகைக்கு 2027 ஜூன் 30.

இன்னொண்ணும் பாக்கணும், நோட்டீஸ் மேல போட்டிருக்க தேதியை மட்டும் நம்பக்கூடாது. 2021 மார்ச் 31 தேதி போட்ட நோட்டீஸ் நிறைய பேருக்கு ஏப்ரல்லதான் மெயில்ல வந்துச்சு, அதை வெச்சு பல கேஸ் கோர்ட் வரைக்கும் போச்சு. அதனால மெயில் வந்த நேரத்தோட அப்படியே பிரின்ட் எடுத்து ஃபைல்ல வெச்சிருவேன், கூடவே ஸ்க்ரூட்டினி பதில் கடிதம் ஒவ்வொண்ணும் சீலோட தனி ஃபைல், வருஷம் எத்தனை ஆனாலும் அதை மட்டும் தூக்கிப் போட விடறதில்ல.