நடுவில் மடித்த காகிதம்

ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த முதல் சில வருடங்கள், முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் 180 பாகை என்று காட்ட, அதன் மூன்று மூலைகளையும் கிழித்துப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கச் சொல்வேன். நேர்கோடு மாதிரி ஏதோ வரும். "ஏன் சார்?" என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இருக்காது. அப்புறம்தான் மடிப்புக்கு மாறினேன்.

13, 14, 15 செ.மீ. பக்கங்கள் கொண்ட முக்கோணத்தை வெட்டிக்கொள்ளச் சொன்னேன். 14 செ.மீ. பக்கம் அடியிலும் 13 செ.மீ. பக்கம் இடப்பக்கமும் இருக்கட்டும். உச்சி வழியாக மடிப்பு போகுமாறு அடிப்பக்கத்தை அதன் மேலேயே மடித்துப் பிரித்தால், உச்சிக்கு நேர் கீழே ஒரு புள்ளி கிடைக்கும். அது இடது மூலையிலிருந்து 5 செ.மீ., வலது மூலையிலிருந்து 9 செ.மீ. இப்போது உச்சியை அந்தப் புள்ளிக்கு இறக்க வேண்டும். பிறகு இரண்டு மூலைகளையும் அதே புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். 7 செ.மீ. அகலமும் 6 செ.மீ. உயரமும் உள்ள செவ்வகம் கையில் நிற்கும். மூன்று கோணங்களும் அடிக்கோட்டின் மேல் இடைவெளியில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

ஒரு பையனுக்கு மட்டும் அப்படி வரவில்லை. "சார், எனக்கு 180 வரல" என்றான். வாங்கிப் பார்த்தேன். இடப்பக்கம் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன, வலப்பக்கம் சந்து விட்டிருந்தது. எல்லா மூலைகளையும் அடிப்பக்கத்தின் நடுவுக்கு, அதாவது 7 செ.மீ. புள்ளிக்குக் கொண்டுவந்திருக்கிறான். கோணமானியால் அளந்தோம். ஏறியது 19 பாகை போல, சந்தும் கிட்டத்தட்ட அதே 19. கூட்டுத்தொகை எங்கும் போகவில்லை, உச்சிக்கோணம்தான் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. சரியாக மடித்தவர்கள் யாரும் எனக்கு இவ்வளவு காட்டவில்லை.

அவன் தாளை வைத்தே காரணத்துக்குப் போனோம். உச்சியை நேர் கீழே இறக்கினால் மடிப்பு அடிப்பக்கத்துக்கு இணையாக, பாதி உயரத்தில் விழும். அதனால் அது இடது பக்கத்தைச் சரிபாதியாக வெட்டும். அந்த நடுப்புள்ளியிலிருந்து உச்சி 6.5, இடது மூலையும் 6.5. உச்சி இறங்கி நிற்கும் புள்ளியும் 6.5 தான், ஏனென்றால் உச்சியே மடிப்பில் அங்கே வந்திருக்கிறது. ஆக, இடது மூலையைக் கொண்டுவரும் மடிப்பும் இதே நடுப்புள்ளி வழியாகத்தான் போகும். பக்கத்தின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே கோட்டில் வந்து விழும். ஒன்று உச்சிக்கோணத்தின் விளிம்பு, இன்னொன்று இடது கோணத்தின் விளிம்பு. அப்புறம் சந்துக்கு எங்கே இடம்? வலப்பக்கமும் இதே கதைதான், நீளம் மட்டும் 7.5.

அவன் 7-இல் இறக்கியதால் மடிப்பு சாய்ந்தது, பக்கங்களை நடுவில் வெட்டவில்லை.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் விரிகோண முக்கோணம் வெட்டி வைத்திருந்தாள். "சார், கீழ்ப்புள்ளி தாளுக்கு வெளியே போகுது" என்றாள். தாளைத் திருப்பி, மிக நீளமான பக்கத்தை அடியில் வைக்கச் சொன்னேன். மடித்தாள். வந்துவிட்டது.