ஙப்பியும் என் மூக்கும்

‘ங’ என்ற எழுத்தை அரிச்சுவடியில் பார்த்ததோடு சரி. அதில் தொடங்கும் சொல் ஒன்றை வாயால் சொல்ல பர்மாவின் மோல்மீன் நகரம் வரை போக வேண்டியிருந்தது. பர்மிய மொழியில் ‘ங’ என்றால் மீன், ‘பி’ என்றால் அழுத்தியது. சிறு மீனையோ கூனி இறாலையோ உப்பிட்டு, வெயிலில் காயவைத்து, இடித்து, மாதக்கணக்கில் புளிக்க விட்ட விழுதுதான் ஙப்பி.

நான் தங்கிய வீட்டு அத்தைக்கு எழுபது வயதுக்கு மேல். பாட்டனார் காலத்தில் நெல் வயல் வேலைக்கு வந்த குடும்பம். காலையில் முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய் ஙப்பியைக் கரைத்துக் கொதிக்க வைப்பார். முதல் நாள் அந்த வாடை மாடிப்படி ஏறி என் கொசுவலைக்குள் வந்தது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன் (அத்தையிடம் சொல்லவில்லை).

உப்பு சரியாக இருந்தால் மீன் அழுகாது, புளிக்கும். மீனின் சொந்த நொதிகளும் உப்பைத் தாங்கும் நுண்ணுயிர்களும் புரதத்தை உடைக்கும். அதில் கிடைக்கும் குளூட்டமேட்தான் நாக்குக்குப் பிடித்த சுவை. கூடவே டிரைமெத்திலமைன், பியூட்டிரிக் அமிலம், ஐசோவேலரிக் அமிலம் என்று மூக்கைத் துளைக்கும் கூட்டமும் வரும். அத்தை எலுமிச்சையைப் பிழிந்ததும் மீன் வாடை பாதி அடங்கியது. டிரைமெத்திலமைன் அமிலத்துக்கு எதிரான காரவகை, புளிப்பு சேர்ந்தால் உப்பாக மாறி, காற்றில் எழும்பாது. நம் மீன் குழம்பில் புளி செய்வதும் இதே வேலைதான்.

ஐசோவேலரிக் அமிலம்தான் எனக்கு வேடிக்கையாகப் பட்டது. வியர்த்த காலிலும் அது உண்டு, முற்றிய சீஸிலும் உண்டு. இரண்டு இடத்திலும் லூசின் என்ற அமினோ அமிலத்தை பாக்டீரியா சிதைப்பதால் வருகிறது. 2001இல் ரேச்சல் ஹெர்ஸ், யூலியா வான் கிளெஃப் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த அமிலத்தோடு பியூட்டிரிக் அமிலத்தைக் கலந்து சிலரை முகரச் சொன்னார்கள். ஒரு நாள் “பார்மெசான் சீஸ்” என்று சொல்லி நீட்டினார்கள், இன்னொரு நாள் “வாந்தி” என்று சொல்லி நீட்டினார்கள். பெயருக்கு ஏற்றபடி பிடித்தது, பிடிக்கவில்லை. இரண்டும் ஒரே குப்பி என்று பலரால் நம்பவே முடியவில்லை.

பாங்காக்கில் வாங்கிய கெட்டி வாடை சீஸ் துண்டு ஒன்று என் பையில் இருந்தது. விடுவேனா? அத்தையைக் கண்ணை மூடச் சொல்லி நீட்டி, “ஊர்ல இருந்து வந்த பழைய சாக்ஸ்” என்றேன். “சீ, எடுடா தம்பி!” என்று கையைத் தட்டிவிட்டார். மறுநாள் அதே துண்டை வாழை இலையில் பொதிந்து, “ஒரு புது தினுசு ஙப்பி” என்று கொடுத்தேன். இரண்டு முறை இழுத்து முகர்ந்தவர், “உப்பு பத்தல. எந்த ஊரு?” என்றார்.

ஒரே ஒரு ஆள், அதுவும் என் மேல் பிரியமுள்ள ஆள். இதை ஆராய்ச்சி என்று சொன்னால் யாரும் ஒப்பமாட்டார்கள்.

சந்தையில் டுரியான் காலம். பர்மியர்கள் டூயின் என்கிறார்கள். அதன் வாடை கந்தகச் சேர்மங்களால் வருவது, வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் பங்காளி. அத்தையின் பேரன் சுளையைப் பிய்த்துக் கொடுத்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். தப்பு செய்தேன். வாயில் போட்டபின் மணம் தொண்டை வழியாக மூக்குக்குப் பின்புறமாகப் போகிறது. மூக்கை அடைத்தால் அந்த ஓட்டமே நின்றுவிடும், வழவழப்பும் இனிப்பும்தான் மிஞ்சும். கையை எடுத்து மூச்சை வெளியே விட்டதும் வறுத்த வெங்காயத்தில் பாயசம் ஊற்றியது போல இருந்தது. மூன்றாவது சுளையில் பிடித்துப்போனது என்று சொன்னால் பொய். பயம் போனது, அவ்வளவுதான்.

“பெருங்காயம் தின்கிறவனுக்கு இது நாறுதாம்!” என்று அத்தை சிரித்தார். நியாயம்தான். பெருங்காயமும் கந்தக வாடைதான். ஜெர்மன்காரர்கள் அதைப் பிசாசின் சாணம் என்கிறார்கள். எனக்கோ அது ரசத்தின் மணம், பசியைக் கிளப்புகிறது.

இந்தப் பழக்கம் எப்போது ஆரம்பிக்கிறது? பிரான்சில் அல்சாஸ் பகுதியில் பெனுவா ஷால் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தில் சோம்பு வகைச் சுவையைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள் பிறந்த சில மணி நேரத்திலேயே அந்த மணத்தை நாடினார்கள். சாப்பிடாதவர்களின் குழந்தைகள் அதை விரும்பவில்லை, அல்லது கண்டுகொள்ளவில்லை. அத்தையின் பேத்தி இப்போது ஆறு மாத கர்ப்பம், தினம் இரண்டு வேளை ஙப்பி. அந்தப் பிள்ளை என்னைப் போலக் கட்டிலுக்கு அடியில் எலி தேடாது.

புறப்படும்போது அத்தை ஒரு பாட்டிலை மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தார். வீட்டில் அம்மா மூடியைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கினார். “என்னடா இது?”

“கருவாட்டுப் பொடிம்மா. ஈரமா அரைச்சது.”

இன்னொரு தடவை முகர்ந்தார். “அப்ப சரி” என்று பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.